குளுத்தி முடியும்வரை காத்திருக்க வேண்டாம், அப்பா

"மகள், மூண்டு கிழமையா விடிய எழும்பினா தலையிடி. ரெண்டு பனடோல் போட்டா பத்து மணிக்குள்ள போயிரும். கொம்மா உனக்குச் சொல்லிப் பெரிசாக்கிப் போட்டா. வயசு போனா வாறதுதானே? அம்மன் கோவில் குளுத்தி முடியட்டும், பிறகு பாப்பம். நீ நர்ஸ்தானே, நல்ல குளிசை ஒண்டு எழுதி அனுப்பு, கடையில வாங்குறன்."

அப்பா,

குளிசையின் பெயர் எழுதமாட்டேன். நாளை விடியக் களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காரணம் சொல்லாமல் உங்களை ஒரு வேலைக்கும் அனுப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். வெற்றிலைக் கொடிக்கு மருந்து அடிக்கச் சொன்னாலே மூன்று கேள்வி கேட்கிற ஆள் நீங்கள். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அம்மாவையும் பக்கத்தில் இருத்திப் படியுங்கள். கடைசியில் அம்மாவுக்கும் வேலை இருக்கிறது.

முதலில் அந்த "வயசு போனா வாறது" கதை. வயது போனால் முழங்கால் நோகும், கண் மங்கும், காது மந்தமாகும். தலையிடி அப்படி இல்லை. வயதோடு அது பொதுவாகக் குறைகிற சாமான். அம்மாவைப் பாருங்கள், இளம் வயதில் ஒற்றைத் தலையிடி வந்தால் அறையைப் பூட்டிக்கொண்டு கிடப்பா. இப்போது வருடத்தில் ஒன்றிரண்டு தரம்தான். அவவுக்கு நாளைக்குத் தலையிடித்தால் நான் பதறமாட்டேன், ஏனென்றால் அது நாற்பது வருடப் பழைய ஆள். உங்களுக்கு 68 வயது. தலையிடி என்று ஒருநாளும் படுக்காதவர். 50 வயதுக்குப் பிறகு முதன்முதலாக வருகிற தலையிடியை, நான் வேலை செய்கிற வார்டில் மட்டுமில்லை, எந்த நாட்டு டாக்டரும் வேறு கண்ணால்தான் பார்ப்பார். பெரும்பாலும் அதற்குச் சாதாரணக் காரணம்தான் இருக்கும். ஆனால் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சாதாரணம் என்று சொல்லலாம்.

இரண்டாவது, அம்மா எனக்குச் சொன்னது தலையிடியைப் பற்றி மட்டுமில்லை. புது வருடத்துக்கு இரண்டு நாளைக்கு முதல் மோட்டர் கொட்டிலுக்குள் குனிந்து போய் நிமிரும்போது மேல்நிலையில் தலை இடித்ததாமே. "ஒரு கொப்புளம் மாதிரி வீங்கிச்சு, தேங்காய் எண்ணெய் தடவினேன், ரெண்டு நாளில வத்திற்று" என்று அவ சொன்னா. நீங்கள் அதை மறந்தே போயிருப்பீர்கள். மயங்கவில்லை, இரத்தம் வரவில்லை, அன்றைக்கே வருடச் சாமான் வாங்கக் களுவாஞ்சிகுடிக்கும் போயிருக்கிறீர்கள். அது நடந்து இப்போது ஏழு கிழமை. தலையிடி தொடங்கி மூன்று கிழமை. அம்மா இந்த இரண்டு கணக்கையும் சொன்னபோதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

ஏன் என்று சொல்கிறேன். இளநீர்க் குரும்பையைக் குலுக்கினால் ஒன்றும் ஆடாது, கொப்பரையாகிக் காய்ந்த தேங்காயைக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று உருளும் அல்லவா? மூளையும் வயதோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. எல்லோருக்கும் நடப்பதுதான், நோய் இல்லை. ஆனால் மூளைக்கும் அதை மூடியிருக்கிற தடித்த சவ்வுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைக் கடந்து போகிற சின்னச் சின்ன இரத்த நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. இருபது வயதில் இப்படித் தலை இடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அறுபத்தெட்டில் அதே இடி ஒரு நாளத்தைக் கீறிவிடலாம். அது நாளம்தானே தவிர நாடி இல்லை. ஆகவே இரத்தம் பீறிட்டு அடிக்காது, மெல்லக் கசியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுகிழமையும் தெரியாது. கசிந்த இரத்தம் அங்கேயே கரைந்து, அதைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் கட்டுகிறது. அந்தத் தோலில் முளைக்கிற புது நாளங்கள் பலமில்லாதவை, அவையும் கசிகின்றன. இப்படித்தான் மூன்று நாலு கிழமை கழித்து, இடித்ததையே மறந்த பிறகு, தலையிடி தொடங்குகிறது. நாட்பட்ட இரத்தக்கட்டு என்று இதற்குப் பேர் வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு நீங்கள் 2019 இல் நெஞ்சு நோ வந்த பிறகு ஒவ்வொரு நாளும் இரவில் ஆஸ்பிரின் 75 போடுகிறீர்கள். அது இருதயத்துக்கு நல்லது. ஆனால் கசிவு அடைபடுவதை அது தாமதமாக்கும்.

விடிய மட்டும் ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். மண்டையோடு அசையாத பெட்டி. உள்ளே மூளை, இரத்தம், 150 மில்லி அளவில் ஒரு நீர், இந்த மூன்றும்தான். நாலாவதாக ஒன்று இடம் பிடித்தால் மற்றவை ஒதுங்க வேண்டும். பகலில் நிமிர்ந்து நிற்கும்போது தலையிலிருந்து இரத்தம் தன்பாட்டில் கீழே வடிகிறது, பெட்டிக்குள் அழுத்தம் குறைகிறது. இரவு முழுக்க மட்டமாகப் படுத்தால் அந்த வடிகால் மந்தமாகும். நித்திரையில் மூச்சும் மெதுவாகும், அதனால் மூளையின் இரத்த நாளங்கள் கொஞ்சம் விரியும். இரண்டும் சேர்ந்து விடியற்காலையில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, ஒரு மணித்தியாலம் நடமாடினால் தானாகக் குறையும். நீங்கள் அதற்குள் இரண்டு பனடோல் போட்டிருப்பீர்கள், பெயர் பனடோலுக்குப் போய்விடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கொடிக்குத் தண்ணி ஊற்ற வாளியைத் தூக்கக் குனிகிறபோது தலை விண் என்று பாரமாகுதா? இருமும்போது, தும்மும்போது, மலசலகூடத்தில் முக்கும்போது கூடுதா? இப்படிக் கேட்டால் "ஓம், கொஞ்சம்" என்று இழுப்பீர்கள். அந்த "கொஞ்சம்" போதும்.

இனி ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் பார்த்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. வலது கையால் கோப்பையை எடுத்தீர்கள், இடது கையில் பீரிசு. கதைத்துக்கொண்டே இருக்கும்போது பீரிசு மெல்ல மெல்லச் சரிந்தது. சிந்தியிருந்த தேத்தண்ணி சாரத்தில் வடிந்தது. உங்களுக்குத் தெரியவே இல்லை. அம்மா சொன்ன பிறகுதான் பார்த்துச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு பீரிசு சரிந்ததை வைத்து வருத்தம் சொல்ல ஏலாது, தெரியும். கவனம் வேறு பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் இந்த வேலையில் 11 வருடம் இருந்த கண்ணுக்கு அப்படிச் சும்மா விட்டுப்போட்டுப் போக முடியவில்லை.

இன்றிரவு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கதிரையில் நேராக இருந்து, இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி, தட்டு ஏந்துகிற மாதிரி வையுங்கள். கண்ணை மூடுங்கள். அம்மா பத்து வரை எண்ணட்டும். இரண்டு கையும் ஒரே மட்டத்தில் நின்றால் நல்லது. ஒரு கை மெல்லக் கீழே இறங்கினாலோ, உள்ளங்கை உள்பக்கமாகத் திரும்பினாலோ, அந்தக் கையில் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணை மூடியிருப்பதால் உங்களுக்குத் தெரியாது, பார்க்கிற அம்மாவுக்குத்தான் தெரியும். அப்படி இறங்கினால் விடியும்வரை இருக்க வேண்டாம், இன்றிரவே தம்பியோடு போங்கள். இறங்காவிட்டாலும் நாளை போகத்தான் வேண்டும். கை சரியாக நிற்பதால் தலைக்குள் ஒன்றுமில்லை என்று ஆகாது.

எங்கள் வார்டில் போன மாரியில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். 74 வயது, பென்சன் எடுத்த பஸ் டிரைவர். காரின் பின்கதவை மூடும்போது தலையில் இடித்துக்கொண்டவர், உங்களைப் போலவே தடவிவிட்டு விட்டுவிட்டார். ஆறு கிழமை கழித்து விடியத் தலையிடி. பக்கத்து டாக்டரிடம் போனார், பிறஷர் 165 என்று கண்டு குளிசையை இரண்டாக்கி அனுப்பினார்கள். இன்னும் இரண்டு கிழமை போனது. பிறகு அவருடைய மனைவிதான் கண்டுபிடித்தா. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் நடக்கும்போது இடது காலின் செருப்பு மட்டும் கழன்று பின்னால் கிடக்குமாம், அவர் அது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு போவாராம். பகலில் கதிரையில் இருந்தபடியே நித்திரை. பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

ஸ்கேனில் வலது பக்கம் பிறைநிலா வடிவத்தில் ஒரு கட்டு, மூளையை மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அன்று பின்னேரமே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மண்டையோட்டில் சின்னதாக இரண்டு துளை. உள்ளே இருந்தது உறைந்த இரத்தம் இல்லை. பழைய எஞ்சின் ஒயில் மாதிரிக் கறுப்பாக, தண்ணியாக ஒரு திரவம். அது வடிந்தது. ஒரு மெல்லிய குழாயை இரண்டு நாள் விட்டுவைத்தார்கள், அப்படி விட்டால் திரும்பச் சேர்வது பாதிக்கும் கீழே குறைகிறது. மறுநாள் விடிய நான் போனபோது, "தலையிடி எங்கே போனது?" என்று என்னையே கேட்டார். ஒரு கிழமையில் வீட்டுக்குப் போய்விட்டார், இரண்டு காலிலும் செருப்போடு. எங்கள் வார்டில் பார்க்கிற வருத்தங்களில் இப்படி முழுதாகச் சுகமாகிறது அதிகமில்லை. இது ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நேரத்துக்குப் பிடித்தால் மனிதரைப் பழையபடி திருப்பித் தருகிற வருத்தம் இது. விட்டுவிட்டால், ஒருநாள் விடிய எழுப்பினாலும் எழும்பமாட்டார்கள்.

அந்த டிரைவருக்கு இரண்டு கிழமை வீணானது பிறஷரால். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் தலையிடி என்றாலே பிறஷர் என்றுதான் சொல்வார்கள். நீங்களும் பக்கத்து வீட்டு மாமாவின் மெஷினில் பார்த்துவிட்டு "150, அதுதான் தலையிடி" என்று இருந்திருக்கிறீர்கள். உண்மையில் 150, 160 எல்லாம் பெரும்பாலும் தலையிடி தராது. பிறஷரின் குணமே சத்தமில்லாமல் இருப்பதுதான். 180 ஐத் தாண்டி, கீழே 110, 120 என்று நின்றால் தலையிடிக்கலாம், அது வேறு அவசரம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. நோவாலும் பதற்றத்தாலும் பிறஷர் ஏறும். தலைக்குள் அழுத்தம் கூடினாலும் உடம்பு மூளைக்கு இரத்தத்தைத் தள்ளுவதற்காகப் பிறஷரைத் தானாக ஏற்றும். அதனால் நாளைக்கு ஆஸ்பத்திரியில் பிறஷர் கூட இருந்தால், "சரி, காரணம் கிடைத்துவிட்டது" என்று சந்தோசப்பட்டு எழும்பி வந்துவிடாதீர்கள். அதற்கு மருந்து தரட்டும், வாங்குங்கள். இடித்த கதையையும் சொல்லுங்கள்.

அங்கேதான் எனக்குப் பயம். உங்களுக்கு டாக்டருக்கு முன்னால் இருந்தால் வாய் வராது. "தலையிடி, ஐயா" என்று ஒரு வார்த்தை. நூறு பேர் நிற்கிற ஓபிடியில் அந்த ஒரு வார்த்தைக்குப் பனடோல்தான் கிடைக்கும், அது டாக்டரின் பிழையும் இல்லை. ஆகவே நான் சொல்வதை அம்மா ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைக்கட்டும். உள்ளே போனதும் துண்டையே நீட்டுங்கள்.

"வயது 68. முன்பு தலையிடி இருந்ததில்லை. மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் விடியத் தலையிடி, குனிந்தால் கூடுகிறது. ஏழு வாரத்துக்கு முன் தலையில் அடிபட்டது. 2019 இலிருந்து ஆஸ்பிரின் 75 எடுக்கிறார். இடது கை பலம் குறைவோ என்று வீட்டாருக்குச் சந்தேகம். மூளைக்குச் சீ.ரீ. ஸ்கேன் வேண்டுமா என்று பார்க்கவும்."

இதிலே ஒவ்வொரு வரியும் டாக்டருக்கு ஒரு மணி அடிக்கிற மாதிரி. எல்லாம் சேர்ந்து ஒரே துண்டில் இருந்தால் எந்த டாக்டரும் அதைத் தட்டிவிடமாட்டார். குனிந்தால் கூடவில்லை என்றால் அந்தச் சொல்லை வெட்டிவிடுங்கள், இல்லாததை எழுத வேண்டாம்.

டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். பின்பக்க நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான். வீங்கியிருந்தால் உள்ளே அழுத்தம் என்று தெரியும். வீங்காமலும் கட்டு இருக்கலாம், வயதானவர்களுக்கு அப்படித்தான் பல தடவை. கை கால் பலம் பார்ப்பார், நடக்கச் சொல்வார். களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் மறுக்காமல் போங்கள், ஸ்கேன் அங்கே எடுக்கலாம். முதலில் களுவாஞ்சிகுடிக்குப் போகச் சொல்வது அது நம் வீட்டுக்குப் பக்கம் என்பதாலும், அவர்கள் எழுதி அனுப்பினால் அங்கே போய் வரிசையில் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை என்பதாலும்தான்.

ஸ்கேன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மேசையில் படுக்க வைத்து, ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை மட்டும் விடுவார்கள். ஐந்து நிமிடம்கூட வராது. ஊசி பெரும்பாலும் தேவையில்லை, பட்டினியும் தேவையில்லை, இடியப்பம் சாப்பிட்டுவிட்டே போங்கள். யாராவது "முதல்ல தலைக்கு எக்ஸ்றே எடுத்துப் பாருங்க" என்று சொன்னால் கேட்க வேண்டாம். எக்ஸ்றே எலும்பைக் காட்டும், உள்ளே இருக்கிற கசிவைக் காட்டாது. எலும்பு உடையவில்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்து பிறகு மயங்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேனுக்கும் ஒரு குறை இருக்கிறது. இரண்டு மூன்று கிழமை வயதான இரத்தம் படத்தில் மூளையின் அதே சாம்பல் நிறத்தில் நிற்கும், லேசில் கண்ணுக்குப் படாது. உங்களுக்கு ஏழு கிழமை என்பதால் அது இருந்தால் பெரும்பாலும் கறுத்துத் தெரியும். இடித்த திகதியைச் சொல்லச் சொல்வது அதற்கும் சேர்த்துத்தான்.

கட்டு இருந்து, சின்னதாக இருந்தால், துளை போடாமலே விட்டு, சில கிழமை கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். தானாகக் கரைவதும் உண்டு. ஆஸ்பிரினை நிறுத்துவதா, எத்தனை நாளைக்கு என்பதை அவர்கள் உங்கள் இருதயக் கிளினிக்கோடு கதைத்து முடிவெடுப்பார்கள். நீங்களாக இன்றைக்கு நிறுத்த வேண்டாம்.

ஸ்கேன் சுத்தமாக வந்தால்? அப்போதும் வேலை முடியவில்லை, ஆனால் அவசரம் போய்விடும், நானும் நிம்மதியாக நித்திரை கொள்வேன். அடுத்து நான் சந்தேகப்படுவது குறட்டை. அம்மா சொல்கிறா, நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது இடையில் சத்தமே நின்று, பிறகு மூச்சுத் திணறி எழும்புகிற மாதிரி ஒரு பெரிய சத்தம் வருமாம். தொண்டை அடைபட்டு மூச்சு நிற்பதுதான் அது. இரவு முழுக்க அப்படி நடந்தால் விடிய நெற்றி முழுக்க அமத்துகிற மாதிரி தலையிடி வரும், சத்தி வராது, நாலு மணித்தியாலத்துக்குள் போய்விடும். உங்கள் தலையிடிக்கும் இது பொருந்துகிறது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் உங்கள் குறட்டைக்கு வயது முப்பது வருடம். தலையிடிக்கு மூன்று கிழமை. அந்த வித்தியாசம்தான் என்னை முதலில் ஸ்கேன் பக்கம் தள்ளுகிறது.

இன்னொன்று டாக்டர் கேட்பார், கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். தலை சீவும்போது பொட்டுப் பக்கம் தொட்டால் நோகுதா? வெற்றிலை சப்பும்போது தாடை களைத்து நோவெடுத்து, நிறுத்தினால் போகுதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஒரு இரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். பொட்டுப் பக்கத்து நாடி வீங்குகிற ஒரு வருத்தம் இருக்கிறது, நம் ஆட்களுக்கு அரிதுதான், ஆனால் அது பார்வையைப் பறித்துவிடும். பறித்தால் திரும்பி வராது.

சரி, குளிசைக்கு வருவோம், நீங்கள் கேட்டதே அதுதானே. பனடோல் இரண்டு போடுவதால் இன்றைக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல், மூன்று மாதம் இப்படியே போட்டால், குளிசையே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். விடிய எழும்பும்போது முதல் நாள் போட்ட பனடோலின் வேகம் முடிந்திருக்கும், தலை அடுத்ததைக் கேட்கும். நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, ஆனால் அந்தப் பாதையில்தான் போகிறீர்கள்.

டிஸ்பிரின் மட்டும் தொடவே வேண்டாம். தண்ணியில் கரைத்துக் குடித்தால் கெதியாகக் கேட்கும் என்று கடையில் தருவார்கள். அதுவும் ஆஸ்பிரின்தான், ஒரு குளிசையில் 300. உங்கள் இரவுக் குளிசையைப் போல நாலு மடங்கு. தலைக்குள் கசிவு இருக்கிற ஆளுக்கு அதைக் கொடுப்பது, ஓட்டை வாளிக்கு இன்னொரு ஓட்டை போடுகிற வேலை. முழங்கால் நோவுக்கு வாங்குகிற டைக்குளோபெனக், இபுபுறுபன் எல்லாம் அதே பக்கம்தான், பிறஷரையும் ஏற்றும்.

இனி அம்மாவுக்கு. அம்மா, அப்பா இதைப் படித்துவிட்டு "பாப்பம்" என்று சொல்லுவார். நீங்கள் விடவேண்டாம். இன்றிரவிலிருந்து அவரைக் கவனியுங்கள். கதைக்கும்போது சொல் தேடி நிற்கிறாரா, பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றிச் சொல்கிறாரா, சேட்டுப் பொத்தானை ஓட்டை மாறிப் பூட்டுகிறாரா, ஒரு பக்கச் செருப்பு கழருதா, பகலில் வழமைக்கு மேல் நித்திரையா, சும்மா கோபம் வருதா. இவை ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியாது, கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். அதைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருத்திதான். டாக்டரிடம் போகும்போது நீங்களும் உள்ளே போங்கள், வெளியே வாங்கில் இருந்துவிடாதீர்கள்.

இரவில் அவர் திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், எழுப்பினால் சரியாக எழும்பாவிட்டால், வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை கால் விழுந்தால், வலிப்பு வந்தால், அல்லது இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் தாங்க முடியாத தலையிடி வந்தால், ஓட்டோ தேட வேண்டாம். 1990 க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வரும், காசு இல்லை. வாயில் குளிசையோ தண்ணியோ கொடுக்க வேண்டாம், ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.

குளுத்தி எனக்கும் விளங்குகிறது, அப்பா. அம்மன் கதவு திறந்த பிறகு கோவிலடியில் உங்களுக்கு எத்தனை வேலை என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் உங்கள் தோளில் இருந்துதானே நான் அதெல்லாம் பார்த்தேன். ஆனால் குளுத்தியும் வைகாசிப் பூரணையும் ஒட்டித்தான் வரும், போயாவுக்குக் கிளினிக் இல்லை, பிறகு சனி ஞாயிறு வரும், ஒரு கிழமை போய்விடும். நாளைக்குப் போய் ஸ்கேன் சுத்தம் என்று வந்தால் பின்னேரமே கோவிலடியில் நிற்கலாம். அப்படி வராவிட்டால், இந்த முறை பொங்கலுக்குத் தம்பி நிற்கட்டும்.

கொடிக்குத் தண்ணி ஊற்றுகிற கதையைச் சொல்லித் தப்பவும் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்து மாமாவோடு நான் கதைத்துவிட்டேன், இரண்டு நேரமும் அவர் ஊற்றுவார். நீங்கள் மோட்டர் சைக்கிளில் போகக்கூடாது, தம்பி ஆறரைக்கு ஓட்டோவோடு வருவான். கிளினிக் கொப்பி, போடுகிற குளிசை எல்லாம் பையோடு, ஒரு சாரம், துவாய், சுடுதண்ணிப் போத்தல், சார்ஜர். மறித்து வைத்தால் அலைய வேண்டாம் என்பதற்காகத்தான்.

எனக்கு இன்றைக்கு இரவு வேலை. உங்களுக்கு ஆறரை என்றால் இங்கே இரவு இரண்டு மணி, விழித்துத்தான் இருப்பேன். ஓட்டோவில் ஏறினதும் அம்மா ஒரு படம் எடுத்து அனுப்பட்டும். கை நீட்டிப் பார்த்ததன் முடிவை மட்டும் அதற்கு முதல், இன்றிரவே எனக்குச் சொல்லுங்கள்.